தனிஊசல், சுருள்வில் அலைவு அளவீடுகள்: L–T² கோடு ஏன் ஆதிப்புள்ளியைத் தொடவில்லை?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய இயற்பியல் செய்முறைத் தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். தனிஊசலில் g 9.63 என்று வருகிறது. L–T² வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் கோட்டில் உட்காரவில்லை, கோடும் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. சுருள்வில்லில் k ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொன்றாக வருகிறது. எங்கே தவறு? அலைவு நேரம் கண்டுபிடித்து வரைபடம் போடும் முறையையும் விளக்க முடியுமா?

பதில்:

படத்திலிருந்து நான் படித்துக்கொண்ட தனிஊசல் எண்கள் கீழே உள்ளன. 90 செ.மீ. வரிசையின் இரண்டாம் அளவீடு தாளின் மடிப்பில் விழுந்திருப்பதால் 38.6 என்றும் தெரிகிறது, 33.6 என்றும் தெரிகிறது. அதே வரிசையின் முதல் அளவீடு 38.5 என்று தெளிவாக இருப்பதால் 38.6 என்றே எடுத்துக்கொண்டேன். மூலத் தாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

| நீளம் L (செ.மீ.) | 20 அலைவுகள், முதல் முறை (நொடி) | இரண்டாம் முறை (நொடி) | சராசரி (நொடி) | T (நொடி) | T² (நொ²) |
|---|---|---|---|---|---|
| 60 | 31.6 | 31.7 | 31.65 | 1.5825 | 2.504 |
| 70 | 34.1 | 34.0 | 34.05 | 1.7025 | 2.899 |
| 80 | 36.4 | 34.6 | 35.50 | 1.7750 | 3.151 |
| 90 | 38.5 | 38.6 | 38.55 | 1.9275 | 3.715 |
| 100 | 40.6 | 40.5 | 40.55 | 2.0275 | 4.111 |

அலைவு நேரம் கண்டுபிடித்த முறை சரியானதே. 20 அலைவுகளுக்கான சராசரி நேரத்தை 20 ஆல் வகுத்தால் T கிடைக்கும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் எப்படியும் ஏறத்தாழ 0.1 நொடி முந்தும் அல்லது பிந்தும். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால் அந்த 0.1 நொடி முழுவதும் 1.58 நொடியின் மீது விழுந்து 6 விழுக்காட்டுப் பிழையாகிவிடும். 20 அலைவுகளை அளக்கும்போது அதே 0.1 நொடி 31.6 நொடியின் மீது பரவி 0.3 விழுக்காடாகக் குறைகிறது. T ஐ இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கிவிட்டு அதன் பிறகு வர்க்கப்படுத்தும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த பிழை மீண்டும் உள்ளே வந்துவிடும். தங்கள் மகள் அதைச் செய்யவில்லை.

இனி 80 செ.மீ. வரிசைக்கு வருவோம். மற்ற நான்கு வரிசைகளிலும் இரண்டு அளவீடுகளுக்கு இடையே 0.1 நொடிதான் வேறுபாடு. இந்த வரிசையில் மட்டும் 36.4 க்கும் 34.6 க்கும் இடையே 1.8 நொடி வேறுபாடு இருக்கிறது. விரல் தடுமாறியதால் இவ்வளவு வராது. இந்த வேறுபாட்டை அதே ஊசலின் அலைவு நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 36.4 ஐ 20 ஆல் வகுத்தால் 1.82 நொடி. அதாவது இரண்டு அளவீடுகளும் மிகச் சரியாக ஓர் அலைவு அளவுக்கு வேறுபடுகின்றன. 34.6 ஐ 19 ஆல் வகுத்துப் பார்த்தால் 1.821 நொடி வருகிறது. இரண்டாம் முறையில் 19 அலைவுகளை எண்ணிவிட்டு 20 என்று எழுதியிருக்கிறார்கள் என்பது இதனால் ஐயமின்றித் தெரிகிறது.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் வெளிப்படையானது. கடிகாரத்தை அழுத்தும் கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால், "இருபது" என்று சொல்லும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். குண்டு நடுநிலையை ஒரு திசையில் கடக்கும்போது "பூஜ்யம்" என்று சொல்லிக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். அதே திசையில் அடுத்து நடுநிலையைக் கடக்கும்போதுதான் "ஒன்று". குண்டு போய்த் திரும்பும் முனையில் நின்று எண்ணுவதைக் காட்டிலும் நடுநிலையில் எண்ணுவது நல்லது. முனையில் குண்டு ஏறக்குறைய நின்றே திரும்புவதால் எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுநிலையில் அது மிக வேகமாகச் செல்வதால் கடக்கும் கணம் துல்லியமாகத் தெரியும். ஊசலுக்குப் பின்னால் சுவரிலோ அட்டையிலோ சுண்ணாம்புக்கட்டியால் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டால் போதும்.

அந்த 34.6 ஐ என்ன செய்வது? அதை அழித்துவிட்டு 36.4 என்றோ 36.5 என்றோ எழுதச் சொல்லாதீர்கள். கருவிகள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் 80 செ.மீ. அளவீட்டை மட்டும் மறுபடி எடுக்கலாம். இயலாவிட்டால், எண் படிக்கும்படியாக அதன் மீது ஒற்றைக் கோடு இழுத்து, "19 அலைவுகள் எண்ணப்பட்டிருக்கலாம், முதல் அளவீட்டோடு சரியாக ஓர் அலைவு வேறுபடுகிறது" என்று பக்கத்தில் எழுதிவிட்டு, முதல் அளவீட்டை மட்டும் பயன்படுத்துவது முறையானது. அப்படிச் செய்தால் T 1.82 நொடி, T² 3.312 நொ² ஆகும். கோட்டில் உட்காராத புள்ளி கோட்டுக்கு வந்துவிடும்.

இதைத் திருத்தியதும் ஒரு வேடிக்கை நடக்கிறது. தாளில் g = 4π²L/T² என்ற சூத்திரத்தை ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகப் பயன்படுத்தி 9.46, 9.53, 10.02, 9.56, 9.60 என்று பெற்று, சராசரியாக 9.63 எழுதப்பட்டிருக்கிறது. நடுவிலுள்ள 10.02 தவறான எண்ணிக்கையால் வந்தது. அதன் சரியான மதிப்பு 9.54. அதைத் திருத்தினால் சராசரி 9.54 ஆகக் குறைந்து, எதிர்பார்க்கும் 9.8 ஐ விட்டு இன்னும் விலகிப் போகிறது. எண்ணிக்கைத் தவறு இன்னொரு தவறை ஓரளவு மூடி மறைத்திருக்கிறது. சராசரி 9.8 க்கு அருகில் வந்துவிட்டாலே செய்முறை சரி என்று நினைப்பது இந்த இடத்தில்தான் ஏமாற்றிவிடும்.

திருத்திய பிறகு வரிசையை மேலிருந்து கீழாகப் படியுங்கள்: 9.46, 9.53, 9.54, 9.56, 9.60. இவை அங்குமிங்கும் சிதறவில்லை. நீளம் கூடக்கூட g யும் ஏறிக்கொண்டே போகிறது. விரல் பிழை என்றால் சில மேலும் சில கீழுமாக வரும். இப்படி ஒரே பக்கமாக ஏறினால், எல்லா நீளங்களிலும் ஒரே அளவு விடுபட்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். 2 செ.மீ. விடுபட்டால் 60 செ.மீ. ஊசலில் அது பெரிய பங்கு, 100 செ.மீ. ஊசலில் சிறிய பங்கு. அதனால்தான் நீளம் கூடும்போது பிழை குறைந்து g உண்மை மதிப்பை நோக்கி நகர்கிறது. எவ்வளவு விடுபட்டது என்பதை வரைபடமே சொல்லிவிடும், ஆனால் அதன் அச்சுகள் சுழியிலிருந்து தொடங்க வேண்டும்.

தாளிலுள்ள வரைபடத்தில் x அச்சு 60 செ.மீ. இல் தொடங்குகிறது. சாய்வை மட்டும் காண அது போதும். கோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்பது அதில் நேரடியாகத் தெரியாது. வரைபடத் தாளின் குறுகிய பக்கத்தில் L ஐ 1 செ.மீ. க்கு 0.1 மீட்டர் என்ற அளவிலும், நீண்ட பக்கத்தில் T² ஐ 1 செ.மீ. க்கு 0.25 நொ² என்ற அளவிலும் எடுத்தால், இடப்பக்கம் சிறிது இடம் விட்டும் எல்லாம் அடங்கும். ஐந்து புள்ளிகளையும் குறித்து, கூடியவரை எல்லாவற்றுக்கும் நெருக்கமாக ஒரே நேர்கோடு இழுக்க வேண்டும். புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைக்கக் கூடாது. கோட்டை ஆதிப்புள்ளிக்கு வலிந்து இழுக்கவும் கூடாது. தங்கள் மகள் அப்படி வளைக்காமல் விட்டது நல்லதாயிற்று, ஏனெனில் முக்கியமான செய்தி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சாய்வு காணும்போது அட்டவணையிலுள்ள புள்ளிகளை எடுக்காமல், கோட்டின் மீதே ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு இடங்களை எடுக்க வேண்டும். நான் வரைந்த கோட்டில் L = 0.20 மீட்டரில் T² = 0.89 நொ² என்றும், L = 1.00 மீட்டரில் T² = 4.11 நொ² என்றும் வருகிறது.

```
சாய்வு = (4.11 − 0.89) / (1.00 − 0.20) = 4.025 நொ²/மீ
g = 4π² / சாய்வு = 39.48 / 4.025 = 9.81 மீ/நொ²
```

இங்கே T² y அச்சில் இருப்பதால் 4π² ஐச் சாய்வால் வகுக்கிறோம். T² ஐ x அச்சிலும் L ஐ y அச்சிலும் வைத்தால் சாய்வு தலைகீழாகும். அப்போது 4π² ஐச் சாய்வால் பெருக்க வேண்டும். விடை 160 க்கு அருகில் வந்தால் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஒவ்வொரு வரிசையிலும் 9.5 என்று வந்த அதே எண்கள் கோட்டின் சாய்வில் 9.81 ஆனது எப்படி என்று கேட்கலாம். தாளில் எழுதிய நீளம் L, ஊசலின் உண்மை நீளம் L + e என்று வைத்துக்கொண்டால் T² = (4π²/g)(L + e) ஆகும். e எல்லா வரிசைகளுக்கும் பொதுவாக இருப்பதால் அது கோட்டை மேலே தூக்குமே தவிரச் சாய்வை மாற்றாது. அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் T² அச்சை 0.085 நொ² இல் வெட்டுகிறது. அதைச் சாய்வால் வகுத்தால் e கிடைக்கும்: 0.085 / 4.025 = 0.021 மீட்டர், அதாவது 2.1 செ.மீ.

அந்த 2.1 செ.மீ. எங்கே போயிற்று என்பதற்கான விடை பெரும்பாலும் தாளின் மேல் மூலையிலேயே இருக்கிறது. அங்கே வெர்னியர் அளவியால் எடுத்த குண்டின் விட்டம் 1.90 செ.மீ. என்று எழுதியிருக்கிறது, ஆனால் பிறகு எந்தக் கணக்கிலும் அந்த எண்ணைக் காணோம். ஊசலின் நீளம் என்பது பிளவுபட்ட தக்கையின் அடிப்பக்கத்தில் நூல் வெளியே வரும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை. நூலை மட்டும், அதாவது கொக்கியில் போட்ட முடிச்சு வரை, அளந்திருந்தால் கொக்கியின் உயரமும் குண்டின் ஆரமும் விடுபட்டிருக்கும். ஆரம் 0.95 செ.மீ.; மீதி ஏறத்தாழ 1.1 செ.மீ. கொக்கிக்கு உரியது. பள்ளி ஆய்வகத்தில் அந்தக் குண்டின் கொக்கியை அளவுகோலால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 1 செ.மீ. க்குச் சற்று மேல் இருந்தால் ஐயம் தீர்ந்தது. கொக்கி அரை செ.மீ. தான் என்றால், மீட்டர் அளவுகோலின் சுழியைத் தக்கையின் அடியில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்தார்களா என்று பார்க்க வேண்டும்.

எல்லா நீளங்களிலும் 2.1 செ.மீ. கூட்டி மறுபடி கணக்கிட்டால் g முறையே 9.79, 9.82, 9.79, 9.79, 9.81 என்று வருகிறது. நீளத்தோடு ஏறும் போக்கு மறைந்துவிட்டது. ஆனால் இந்த 2.1 ஐ வரைபடத்திலிருந்தே எடுத்ததால், இதைத் தனியான சான்றாகக் கொள்ள முடியாது. கொக்கியையும் ஆரத்தையும் நேரடியாக அளந்து கூட்டிய பிறகும் இதே எண்கள் வந்தால்தான் அது சான்று.

அகலமான வீச்சால் பிழை வந்திருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். இந்தத் தாளில் அதற்கு அறிகுறி இல்லை. வீச்சுக் கோணம் 10 பாகை என்றால் அலைவு நேரம் 0.2 விழுக்காடுதான் கூடும், 20 பாகை என்றாலும் 0.8 விழுக்காடுதான். 100 செ.மீ. ஊசலைப் பக்கவாட்டில் 9 செ.மீ. க்குள் இழுத்து விட்டால் கோணம் ஏறத்தாழ 5 பாகைக்குள் அடங்கும்.

முடிவை எழுதும்போது 9.8 மீ/நொ² என்று நிறுத்திக்கொள்ளுங்கள், 9.809 என்று எழுதுவதற்கு இந்த அளவீடுகளுக்குத் தகுதி இல்லை. 20 அலைவுகளின் நேரத்தில் 0.3 விழுக்காட்டுப் பிழை இருந்தால் T² இல் அது இருமடங்காகி 0.6 விழுக்காடு ஆகும். g இல் அது 0.06 அளவு. சென்னையின் அகலாங்கில் g ஏறத்தாழ 9.78. இந்தத் தாளால் 9.78 ஐயும் 9.81 ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்ல வேண்டியதும் இல்லை.

சுருள்வில் பகுதியில் அளவீடுகள் அனைத்தும் சரியாக இருக்கின்றன. பயன்படுத்திய சூத்திரம்தான் பொருந்தவில்லை. இங்கே x அச்சில் வர வேண்டியது நீளம் அன்று, தொங்கவிட்ட நிறை. 100, 150, 200, 250 கிராம் எடைகளுக்கு 20 அலைவுகளின் சராசரி நேரம் 16.1, 18.4, 20.5, 22.3 நொடி. அவற்றிலிருந்து T² முறையே 0.648, 0.846, 1.051, 1.243 நொ². தாளில் k = 4π²m/T² என்று போட்டதால் 100 கிராமுக்கு 6.1, 250 கிராமுக்கு 7.9 நியூட்டன்/மீட்டர் என்று ஏறிக்கொண்டே போகிறது. தனிஊசலில் பார்த்த அதே போக்கு இது: எல்லா வரிசைகளிலும் ஒரே அளவு நிறை விடுபட்டிருக்கிறது. எடைகளைத் தாங்கும் எடைத் தாங்கியும் மேலும் கீழும் ஆடுகிறது, சுருள்வில்லின் ஒரு பகுதியும் உடன் ஆடுகிறது. m இல் அவை சேர்க்கப்படவில்லை.

இதற்காகவே செய்முறையில் நிறைகளின் வேறுபாட்டைக் கொண்ட சூத்திரம் தரப்பட்டிருக்கிறது:

```
k = 4π² (m₂ − m₁) / (T₂² − T₁²)
```

கழிக்கும்போது பொதுவாக விடுபட்ட நிறை தானாகவே நீங்கிவிடுகிறது. ஆனால் அடுத்தடுத்த எடைகளை இணை சேர்த்தால் T² வேறுபாடு 0.2 அளவே இருக்கும். சிறிய விரல் பிழையும் அதைப் பெரிதாக அசைத்துவிடும். இந்த எண்களில் அப்படிச் செய்தால் 9.97, 9.63, 10.28 என்று சிதறுகிறது. 100 ஐ 200 உடனும் 150 ஐ 250 உடனும் இணை சேர்த்தால் 9.80, 9.94 என்று நெருங்கி வருகிறது. பதிவேட்டில் இந்த இரண்டாவது இணைகளைத்தான் எழுத வேண்டும்.

m–T² வரைபடமும் போட்டுவிடுங்கள். சாய்வு 3.98 நொ²/கி.கி. வருகிறது, அதிலிருந்து k 9.9 நியூட்டன்/மீட்டர். இந்தக் கோடு T² அச்சை 0.25 இல் வெட்டுகிறது. அதைச் சாய்வால் வகுத்தால் விடுபட்ட நிறை 0.063 கி.கி., அதாவது 63 கிராம். வழக்கமான எடைத் தாங்கி 50 கிராம் இருக்கும். தாளில் அதன் நிறை எழுதப்படவில்லை, தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி 13 கிராம் சுருள்வில்லின் பங்கு. சுருள்வில்லின் மேல் முனை அசைவதில்லை, கீழ் முனை முழுதாக ஆடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு ஆடும் நிறையோடு சேரும். அப்படியானால் சுருள்வில் ஏறத்தாழ 40 கிராம் இருக்க வேண்டும். வெட்டுத்துண்டில் வரும் பிழை சாய்வில் வருவதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால், தராசு 30 அல்லது 50 கிராம் என்று காட்டினாலும் கவலைப்பட வேண்டியதில்லை. 200 கிராம் என்று காட்டினால்தான் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும்.

k க்கு அலைவையே சாராத ஒரு சோதனையும் உண்டு. சுருள்வில்லை அசையாமல் தொங்கவிட்டு, அதில் ஏற்கெனவே 100 கிராம் இருக்கும்போது குறிமுள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மேலும் 100 கிராம் சேர்க்க வேண்டும். k 9.9 என்றால் குறிமுள் 0.98 / 9.9 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9.9 செ.மீ. இறங்கும். தாளில் இப்போது எழுதியிருக்கும் 6.1 சரி என்றால் அது 16 செ.மீ. இறங்க வேண்டியிருக்கும்.